கணக்கு எழுதும் தொழிலில் முதல் பத்து வாடிக்கையாளர்கள்: சொல்லி வருகிறவர்களைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலைச் சுற்றி இயங்கும் சிறு யூனிட்டுகளுக்கு மாதாமாதம் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுத் தருவது என் தொழில். ஓர் ஆடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓர் ஏப்ரல் மாதத்தில் தனியே வந்தேன். விளம்பரத்துக்குப் பணம் செலவிடாமல், பிறர் சொல்லி அனுப்பிய ஆட்களைக் கொண்டே பத்துப் பேரைச் சேர்த்தேன். இப்போது இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். கைப்பேசியில் நானூறு எண்கள் இருக்கின்றன. முதலில் யாரிடம் போய்ச் சொல்வது?

நானூறு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பாதீர்கள். பிறருடைய கணக்கு ஒழுங்காக இல்லாததால் தன் வேலை கெடுகிறவர் அந்த நானூறு பேரில் யார் என்று முதலில் தேடுங்கள். உங்களிடம் பணம் கொடுத்து வேலை வாங்கப்போகிறவர் அவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவை அவருக்குத்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர் யார் என்பதை ஜி.எஸ்.டி. சட்டமே காட்டிக் கொடுக்கிறது. ஓர் ஆடை நிறுவனம் பிரிண்டிங் யூனிட்டுக்குத் துணியைக் கொடுத்து வேலை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டிங்காரர் 2,00,000 ரூபாய்க்குப் பில் போட்டு, அதன்மேல் 5 சதவீத வரியாக 10,000 ரூபாய் வாங்குகிறார். அந்த 10,000 ரூபாயை ஆடை நிறுவனம் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், பிரிண்டிங்காரர் அந்தப் பில்லைத் தன் விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்றி, அது ஆடை நிறுவனத்துக்குக் கழிக்கக் கிடைக்கும் வரியைக் காட்டும் 2பி அறிக்கையில் வந்திருந்தால் மட்டுமே கழிக்க முடியும். மாத ரிட்டர்ன் போடுகிறவர் 11ஆம் தேதிக்குள் ஏற்றவேண்டும். 14ஆம் தேதி 2பி உருவாகிறது. 20ஆம் தேதிக்குள் ஆடை நிறுவனம் வரி கட்டும் ரிட்டர்னான 3பியைப் போட்டு வரியைக் கட்டவேண்டும். பில் வராவிட்டால் அந்த 10,000 ரூபாயை அந்த மாதம் தன் கையிலிருந்து கட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டியதுதான்.

இப்போது ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில் அந்த நிறுவனத்தின் கணக்காளர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 2பியையும் கொள்முதல் லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடுபட்ட பில்களுக்காக, துணியை வாங்கிக் கூலிக்கு வேலை செய்து தரும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் போன் செய்துகொண்டிருப்பார். "அண்ணா, உங்க பில்லு 2பியில வரலைங்க, ஜி.எஸ்.டி. அமவுண்ட்ட நிறுத்தி வெச்சிருக்கோமுங்க" என்பது திருப்பூரில் எந்தக் கணக்குப் பிரிவிலும் காதில் விழும் பேச்சு. நீங்கள் முதலில் போய்ப் பார்க்கவேண்டியவர் அவர்தான். அவர் போன் செய்யும் பத்து யூனிட்டுகளில் இரண்டை நீங்கள் ஒழுங்குபடுத்திவிட்டால், அடுத்த மாதம் அவருக்கு இரண்டு போன் குறையும்.

"டேலி, ஜி.எஸ்.டி., வருமான வரி, பி.எஃப். எல்லாம் செய்கிறேன்" என்று எல்லாரிடமும் சொல்கிறேன். சரி சரி என்கிறார்களே தவிர, யாரும் அனுப்புவதில்லை. ஏன்?

அந்தப் பட்டியலை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் உங்களைப் பற்றிப் பேசும் நேரம் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு டீக்கடையில் வேறொருவர் தன் தொல்லையைச் சொல்லும்போதுதான் வருகிறது. அந்தத் தொல்லையும் உங்கள் பெயரும் அவர் மனதில் ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்தால்தான் உங்கள் பெயர் வாயில் வரும். ஆகவே நீங்கள் விட்டுவிட்டு வரவேண்டியது தொல்லையின் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் அவர் தன் வாயால் அப்படியே திருப்பிச் சொல்லக்கூடிய பேச்சுத் தமிழில் இருக்கவேண்டும்.

நான் கொடுத்த வாக்கியம் இது: "மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டர்ன் போடற யூனிட்டுன்னாலும், பில்ல மாசாமாசம் 13ஆம் தேதிக்குள்ள ஏத்திக் குடுத்தர்றனுங்க." இதற்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் பகுதியின் எம்பிராய்டரி, பிரிண்டிங் யூனிட்டுகளிலும், தையல் வேலை செய்யும் பவர் டேபிள் யூனிட்டுகளிலும் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாதப் பில்களை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றலாம். ஏற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் மாதப் பில் ஜூலையில்தான் 2பியில் வருகிறது. அதுவரை வேலை கொடுத்த நிறுவனம் வரிப் பணத்தை நிறுத்திவைக்கிறது. ஆகவே என் வாக்கியம் கணக்காளருடைய தொல்லைக்கும் யூனிட்காரருடைய தொல்லைக்கும் ஒரே பதிலாக இருந்தது.

வருமான வரியும் பி.எஃப்பும் நான் செய்யாமல் இல்லை. உள்ளே வந்த பிறகு அவர்களே கேட்டார்கள்.

முதல் இரண்டு மூன்று பேருக்கு இலவசமாகச் செய்து கொடுத்தால் சீக்கிரம் பெயர் பரவும் அல்லவா?

பரவும், ஆனால் இலவசம் என்பதும் சேர்ந்தே பரவும். ஒருவர் சொல்லி வருகிற அடுத்தவர், முன்னவர் என்ன கொடுக்கிறார் என்பதையும் கேட்டுக்கொண்டுதான் வருகிறார். உங்கள் முதல் விலைதான் பத்தாவது ஆள்வரை உங்களோடு நடந்து வரும். நான் மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தேன். ஐம்பது பில்லுக்குள் உள்ள ஒரு யூனிட்டுக்கு மாதம் நான்கு மணி நேரம் ஆகும் என்று என் பழைய வேலையிலிருந்தே தெரிந்திருந்ததால், அதற்குக் கீழே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நம்பிக்கை வராதவருக்கு ஏதாவது முன்கூட்டிச் செய்து காட்டவேண்டுமானால், முடிவுள்ள ஒரு சிறு வேலையாகச் செய்யுங்கள். நான் கடந்த ஆறு மாதத்துக்கு அவர்கள் போட்ட பில்களையும் ரிட்டர்னில் ஏறிய பில்களையும் ஒப்பிட்டு, எவையெவை விடுபட்டிருக்கின்றன என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு மாலை நேரம் போதும். தாளைப் பார்த்தவருக்கு எந்தப் பணம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அதைச் சரிசெய்வது கட்டண வேலை.

"யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணா" என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்போது, எப்படிக் கேட்பது?

அந்தக் கூச்சத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வி எதிரிலிருப்பவருக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. "யாராச்சும்" என்று கேட்டால் அவர் மனதில் யாரும் வரமாட்டார்கள். "பாக்கறன், சொல்றன்" என்பார், அதோடு முடிந்தது.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். ரிட்டர்ன் போடும்போது வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும், அதற்காக அவரைக் கூப்பிடுவோம். பலர் அந்தப் பேச்சின் வாலில் இந்தக் கேள்வியைச் சேர்க்கிறார்கள். அப்போது அவர் வேலைக்கு நடுவில் இருப்பார், வரி கட்டிய எரிச்சலும் இருக்கும். அது தவறான நேரம். சரியான நேரம், நிறுத்திவைத்திருந்த பணம் அவருக்கு வந்து சேர்ந்த நாள். என் முதல் வாடிக்கையாளரான எம்பிராய்டரி யூனிட்காரருக்கு மூன்று பில்களின் வரிப் பணம் நின்றிருந்தது. பில்களை ஏற்றி, அவை நிறுவனத்தின் 2பியில் வந்து, பணம் அவர் வங்கிக் கணக்கில் ஏறியதும் அவரே போன் செய்தார். நான் அப்போதுதான் கேட்டேன்.

கேட்ட விதமும் முக்கியம். புதிய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. "அண்ணா, உங்களுக்குப் பணம் நிறுத்தி வெச்சிருந்தாங்கல்ல, அந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளைகிட்ட, இனிமே உங்க பில்லு 13ஆம் தேதிக்குள்ள ஏறிரும், ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா நேரா என்னையக் கூப்பிடச் சொல்லி என் நம்பரக் குடுத்துருங்க" என்றேன். இதில் அவர் யாரையும் தேடவேண்டியதில்லை, யாரிடமும் எனக்காக வாதாடவேண்டியதில்லை. அவருக்கே பயனுள்ள ஒரு செய்தியைச் சொல்கிறார், அதோடு என் எண்ணும் போகிறது. அந்த எண் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்துதான் பின்னால் ஆறு பேர் வந்தார்கள்.

உங்களுடைய பத்துப் பேரும் எந்த வழியாக வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஏப்ரலில் வந்த முதல் ஆள் மேலே சொன்ன எம்பிராய்டரிக்காரர். பழைய வேலையில் இருந்தபோதே பில் விஷயமாகப் பேசிப் பழகியவர். நான் தனியே வந்ததை நானே போய்ச் சொன்னேன். இரண்டாவது ஆள் என் சித்தப்பா மகன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

மே மாதம் முழுவதும் யாரும் வரவில்லை. ஜூன் மாதம் 16ஆம் தேதி, எம்பிராய்டரிக்காரருக்கு வேலை கொடுக்கும் ஆடை நிறுவனத்தின் கணக்காளர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு மாதமாக இவருடைய பில்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன என்றும், இன்னொரு பிரிண்டிங் யூனிட்டுக்கு நாள்தோறும் போன் போட்டு ஓய்ந்துவிட்டது என்றும் சொல்லி, அவர்களோடு பேசிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பிரிண்டிங்காரர்தான் மூன்றாவது வாடிக்கையாளர். அடுத்த மாதம் ஒரு பவர் டேபிள் யூனிட்டை அந்தக் கணக்காளரே அனுப்பினார், இது நான்கு. ஜூலையில் ஓர் ஆடிட்டர் அட்டைப்பெட்டி செய்கிறவர் ஒருவரை அனுப்பினார், இது ஐந்து.

ஆகஸ்டில் பிரிண்டிங்காரர் தனக்கு இங்க் கொடுக்கும் வியாபாரியைச் சொன்னார். அந்த வியாபாரியின் பில்கள் தன் 2பியில் வராததை நான்தான் அவருக்குக் காட்டியிருந்தேன். பவர் டேபிள்காரர் தன் மைத்துனர் நடத்தும் அயர்னிங், பேக்கிங் யூனிட்டைச் சொன்னார். செப்டம்பரில் கணக்காளர் மூன்றாவது ஆளாக ஒரு காஜா பட்டன் யூனிட்டை அனுப்பினார். அக்டோபரில் அதே ஆடிட்டர் லேபிள் அடிக்கும் ஒருவரை அனுப்பினார். பத்தாவது ஆள் டிசம்பரில் வந்தார். இங்க் வியாபாரி சொல்லி வந்த இன்னொரு பிரிண்டிங் யூனிட் அது.

எண்ணிப் பார்த்தால், பத்தில் ஆறு பேருடைய வேர் அந்த ஒரு கணக்காளரிடம் இருக்கிறது. அவர் எனக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்தவர் இல்லை, நானும் அவருக்குக் கொடுத்ததில்லை. உங்களுக்கு வருகிறவர்களை இப்படி ஒரு நோட்டில், யார் சொல்லி யார் வந்தார் என்று கோடு போட்டு எழுதி வையுங்கள். ஐந்து பேர் சேர்வதற்குள் எந்தக் கிளை வளர்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

என் வேலையில் திருப்தியாக இருக்கும் ஒரு ஜவுளிக் கடைக்காரர், ஓராண்டாகியும் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. பக்கத்துக் கடைகள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். என்ன குறை?

உங்கள் வேலையில் குறை இருக்காது. நீங்கள் எதிர்பார்க்கும் திசைதான் தவறு. கணக்கு எழுதுகிறவர் கொள்முதல் விலையைப் பார்க்கிறார், யாரிடம் எவ்வளவு கடன் என்று பார்க்கிறார், லாபம் எவ்வளவு என்று பார்க்கிறார். இத்தனையும் பார்க்கிற ஆளைத் தன் போட்டியாளரின் கடைக்குள் அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனம் வராது. நல்ல சமையல்காரரை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்வார்கள், கணக்கு எழுதுகிறவரைச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் தொழிலில் பரிந்துரை பக்கவாட்டில் போகாது, மேலும் கீழும் போகும். வாங்குகிறவர் தனக்கு விற்கிறவரைச் சொல்வார், விற்கிறவர் தன்னிடம் வாங்குகிறவரைச் சொல்வார். ஜவுளிக் கடைக்காரரிடம் பக்கத்துக் கடையைக் கேட்காதீர்கள். அவருடைய 2பியை எடுத்து, எந்த மொத்த வியாபாரியின் பில்கள் தாமதமாக வருகின்றன என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள். அவருக்கு அது பணம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. அவராகவே அந்த வியாபாரிக்குப் போன் செய்வார், உங்கள் பெயர் அந்தப் பேச்சில் இயல்பாக வரும்.

என் பத்தாவது வாடிக்கையாளர் மூன்றாமவருக்குப் போட்டியாளர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவர் முதல்முறை வந்தபோது, இதே தொழிலில் எனக்கு இன்னொரு வாடிக்கையாளர் இருக்கிறார் என்றும், அவர் பெயரை உங்களிடம் சொல்ல மாட்டேன், உங்கள் பெயரையும் அவரிடம் சொல்ல மாட்டேன் என்றும் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். ஒருவர் கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் என் மேசைக்கு வராதபடி நேரம் ஒதுக்கினேன். "அந்த யூனிட்டுல பீஸுக்கு என்ன ரேட்டுங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பார்கள். அதற்கு ஒருமுறை பதில் சொன்னால், கேட்டவரிடமே உங்கள் மதிப்பு போய்விடும், ஏனென்றால் தன்னுடைய ரேட்டும் வெளியே போகும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ஆடிட்டர்கள் நமக்கு ஆள் அனுப்புவார்களா? நம்மைப் போட்டியாக நினைக்க மாட்டார்களா?

சிறு யூனிட்டுகளின் மாதாந்தர வேலை பல ஆடிட்டர்களுக்குச் சுமை. பில்களைக் கேட்டு வாங்குவதும், பதிவதும், தேதிக்குள் ஏற்றுவதும் ஆள்பலம் வேண்டிய வேலை. ஆனால் அந்த யூனிட்டின் ஆண்டுக் கணக்கும் வருமான வரியும் அவர்களுக்கு வேண்டும். ஆகவே பங்கு பிரிவது எளிது. நான் இரண்டு ஆடிட்டர்களைப் பார்த்து, ஆண்டு இறுதியில் டேலி கோப்பை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு முடித்து உங்கள் கையில் தருகிறேன், நீங்கள் அனுப்புகிறவர்களின் வருமான வரி வேலையை நான் தொடமாட்டேன் என்றேன். ஒருவர் அதன்பின் கூப்பிடவே இல்லை, மற்றவர் இருவரை அனுப்பினார். சொன்ன எல்லையைத் தாண்டாமல் இருந்தால் இந்த வழி நிலைக்கும்.

அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுத்தால் இன்னும் வேகமாக ஆட்கள் வருவார்கள் அல்லவா?

ஆடிட்டர் என்றால் கொடுக்கவே முடியாது, வாங்கவும் முடியாது. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை, தன் தொழிலில் இல்லாத வெளியாருக்குத் தன் கட்டணத்தில் பங்கோ கமிஷனோ தருவதையும், அப்படிப்பட்டவரிடமிருந்து பெறுவதையும் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. நேரில் போயோ கடிதம் போட்டோ வேலை கேட்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர் பட்டயக் கணக்காளராக இருந்தால், நான் இங்கே சொல்லும், வேலை கேட்கும் முறைகள் உங்களுக்குப் பொருந்தா.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டத் தடை இல்லை. இருந்தாலும் நான் கொடுக்கவில்லை. காரணம் அந்தக் கணக்காளர்தான். அவர் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கிறார். ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் பணம் விடுவிக்கிற கை அவருடையது. அவர் என்னிடம் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு யூனிட்டை என்னிடம் அனுப்பினார் என்று அவர் முதலாளிக்குத் தெரிந்தால் அவர் வேலை போகும். யூனிட்காரருக்குத் தெரிந்தால், பணத்தை நிறுத்திவைத்ததே இதற்காகத்தானோ என்று தோன்றும். அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பே, அதில் அவருக்கு லாபம் இல்லை என்பதால் வருவது. தீபாவளிக்கு எல்லாருக்கும் கொடுப்பது போல ஒரு கிலோ இனிப்பு கொடுத்தேன், அவ்வளவுதான். அவருக்கு நான் உண்மையில் திருப்பிக் கொடுத்தது, ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி இரவு அவர் அனுப்பிய யூனிட்டுகள் எந்தெந்தப் பில்லை ஏற்றியிருக்கின்றன என்ற பட்டியல். அந்தப் பட்டியலை அனுப்ப யூனிட்காரர்களின் சம்மதத்தை முன்பே வாங்கியிருந்தேன்.

ஒருவர் சொல்லி அனுப்பிய ஆளை வேண்டாம் என்று சொல்லலாமா? அனுப்பியவர் மனம் நோகாதா?

நான் சொல்லத் தவறிய ஒரு சமயத்தை எழுதுகிறேன். நான்காவதாக வந்த பவர் டேபிள் யூனிட்டுக்கு அப்போது இரண்டு காலாண்டுகளின் 3பி நிலுவை இருந்தது. முந்தைய 3பி போடப்படாமல் இருந்தால் அடுத்த பில்களை ஏற்ற இணையதளம் அனுமதிக்காது. 3பி போடவேண்டுமானால் வரியைக் கட்டவேண்டும், வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டவேண்டும். அவரிடம் அப்போது அந்தப் பணம் இல்லை. இது எனக்கு முதல் நாளே தெரிந்தது. ஆனால் கணக்காளர் அனுப்பிய ஆள் என்ற தயக்கத்தில், "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.

ஒரு 13ஆம் தேதி போனது, பில்கள் ஏறவில்லை. அடுத்த 13ஆம் தேதியும் போனது. கணக்காளர் தன் முதலாளியிடம், அந்த யூனிட்டுக்கு நல்ல ஆள் போட்டாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். அவர் சொல் பொய்யானது. என்னிடம் அவர் கோபமாகப் பேசவில்லை, போன் செய்வதையே நிறுத்திவிட்டார். யூனிட்காரர் எப்படியோ பணம் புரட்டி நிலுவையைக் கட்டி, பில்கள் ஏறிய பிறகுதான் அவர் மறுபடி கூப்பிட்டார். அதன்பிறகே காஜா பட்டன் யூனிட் வந்தது.

இப்போது யார் சொல்லி வந்தாலும், எடுப்பதற்கு முன் மூன்றைப் பார்க்கிறேன்: நிலுவை ரிட்டர்ன் எத்தனை, அதைக் கட்டப் பணம் கையில் இருக்கிறதா, பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்க அந்த யூனிட்டில் பொறுப்பான ஒருவர் இருக்கிறாரா. ஒன்று இல்லாவிட்டாலும், அன்றைக்கே அனுப்பியவரைக் கூப்பிட்டுவிடுகிறேன். வந்தவருடைய நிலுவை விவரத்தை நான் சொல்வதில்லை, அது அவருடைய ரகசியம். "நீங்க அனுப்புனவரு வந்தாருங்க, பேசுனோம், இப்ப எடுக்க முடியாத நெலமையா இருக்குது, ரெண்டு மாசங்கழிச்சுப் பாக்கறதாச் சொல்லியிருக்கறன்" என்று மட்டும் சொல்கிறேன். நொந்துகொண்டவர் யாரும் இதுவரை இல்லை. தான் அனுப்பிய ஆள் என்ன ஆனார் என்று தெரியாமலே விடுவதுதான் அவர்களுக்கு வருத்தம் தருகிறது.

சொந்தக்காரர்கள் பணம் தராமல் இழுக்கிறார்கள். அவர்களிடம் வேலை எடுக்கலாமா?

எடுக்கலாம், மற்றவர்களுக்குச் சொல்லும் அதே விலையில். நான் என் சித்தப்பா மகனுக்கு 1,000 ரூபாய் என்று குறைத்தேன். அவர் அன்பு மிகுதியில் அதை ஒரு கல்யாண வீட்டில் நான்கு பேரிடம் சொன்னார். அந்த நால்வரும் 1,000 ரூபாய்க்கே கேட்டார்கள், ஒருவரும் சேரவில்லை. அவருடைய கட்டணத்தை அடுத்த ஏப்ரலில் 1,500 ஆக்கினேன்.

பத்துப் பேர் சேர எத்தனை மாதம் ஆகும்? எப்போது இந்த வழி போதாது என்று தெரிந்துகொள்வது?

எனக்கு ஒன்பது மாதம் ஆனது. மே மாதம் போல ஒன்றும் நடக்காத மாதங்கள் வரும் என்பதால், அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி செய்துகொண்டு இறங்குங்கள். தொடங்கும் மாதமும் ஓரளவு பொருட்டாகும். நிதியாண்டு ஏப்ரலில் மாறுவதால், கணக்கு எழுதும் ஆளை மாற்ற நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் பேசத் தொடங்குகிறார்கள். நடு ஆண்டில் மாற்றுகிறவர், பழைய ஆளிடமிருந்து டேலி கோப்பை வாங்குவதிலேயே ஒரு மாதத்தைத் தொலைக்கிறார்.

இந்த வழி அடைபடுவதை நோட்டில் போட்ட கோடுகளே காட்டும். மூன்று மாதமாக வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள் சொல்லி வந்தவர்கள் என்றால், அவர் வேலை மாறும் நாளில் உங்கள் வரவும் நிற்கும். நான் ஆறாவது ஆள் சேர்ந்தபோதே இதைக் கவனித்து, இன்னோர் ஆடை நிறுவனத்தின் கணக்காளரைத் தேடத் தொடங்கினேன். என் வாடிக்கையாளரான பிரிண்டிங்காரர் அந்த நிறுவனத்துக்கும் வேலை செய்துகொண்டிருந்தார், அவர் மூலமாகவே அறிமுகம் கிடைத்தது. இன்னொரு வரம்பு உங்கள் கை. எல்லா யூனிட்டுக்கும் ஒரே 11, 13, 20, 22 தேதிகள்தான். பத்து யூனிட்டுகளின் பில்களை நானே தனியாகப் பதிந்து ஏற்றியபோது, 10ஆம் தேதியிலிருந்து 13ஆம் தேதிவரை இரவு இரண்டு மணிக்கு முன் நான் தூங்கியதில்லை. பதினொன்றாவது ஆளைச் சொல்லி ஒருவர் அனுப்பியபோது, பில் பதிய ஒரு பெண்ணை வேலைக்கு வைத்து, அவர் ஒரு மாதம் பழகிய பிறகே எடுத்துக்கொண்டேன்.